கவலையும் எண்ணச் சுழற்சி நோயும்: வேறுபாடும் சிகிச்சையும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உள சுகாதாரம் பற்றிப் படிக்கும்போது "பதகளிப்பு", "மன அழுத்தம்" ஆகிய சொற்களைச் சந்தித்திருப்பீர்கள். அவற்றோடு சேர்த்து விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு நோயை இப்பகுதியில் பார்ப்போம். வைத்தியர்கள் இதனைச் சுருக்கமாக ஓ.சீ.டி. என்பர். நாம் இங்கு எண்ணச் சுழற்சி நோய் என்று அழைப்போம். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ, உங்கள் வயதிலோ, இருபதுகளின் தொடக்கத்திலோதான் இந்நோய் ஆரம்பிக்கிறது. இதனால் பாதிக்கப்பட்டவர் அதை வெட்கத்தால் மறைப்பதே வழக்கம். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1. சாதாரண கவலை என்றால் என்ன?

அக்குறணையில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. கடும் மழை பெய்யும் இரவில் நமது நகரத்துக் கடைக்காரர்கள் எவரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பிங்கா ஓயா பெருகினால் பிரதான வீதிக் கடைகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். ஆகவே ஆற்றைப் போய்ப் பார்ப்பார்கள். கீழ்த்தட்டிலுள்ள பொருட்களை மேலே ஏற்றுவார்கள். அடுத்த கடைக்காரருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். மழை விட்டு நீர் வடிந்ததும் கவலையும் வடிந்துவிடும்.

இக்கவலையில் மூன்று பண்புகள் உள்ளன. ஒன்று, அது உண்மையில் நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றியது. இரண்டு, அதற்காகச் செய்யும் வேலை பயன் தருகிறது. மேலே ஏற்றிய துணி நனையாது. மூன்று, காரணம் நீங்கினால் கவலையும் நீங்குகிறது. பரீட்சை பற்றிய உங்கள் கவலையும் இவ்வகையானதே. கணிதத்தில் ஓர் அலகு விளங்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். அதைப் படித்து முடித்ததும் கவலை குறைகிறது.

2. வலிந்தெழும் எண்ணமும் கட்டாயச் செயலும்

எண்ணச் சுழற்சி நோய்க்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது வலிந்தெழும் எண்ணம். நாம் விரும்பாமலே, திரும்பத் திரும்ப மனதுக்குள் நுழைந்து பதகளிப்பை உண்டாக்கும் எண்ணம், காட்சி அல்லது உந்துதல் இது. இரண்டாவது கட்டாயச் செயல். அப்பதகளிப்பைத் தணிப்பதற்காகச் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றும் செயல் இது. கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல், எண்ணுதல், ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருத்தல் ஆகியன உதாரணங்கள். மனதுக்குள்ளேயே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் கட்டாயச் செயல்தான். அது வெளியே தெரிவதில்லை.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். "நோய் உள்ளவர்களுக்கு விசித்திரமான எண்ணங்கள் வரும், மற்றவர்களுக்கு வராது" என்று பலர் எழுதுகின்றனர். இது தவறு.

இதனை ஆராய்ந்தவர்களில் ஒருவர் இலங்கையர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வா இலண்டனில் பணியாற்றியபோது, ஸ்டான்லி ரக்மன் என்பவருடன் சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் மனதில் வலிந்து நுழைவதுண்டா என்று அவர்கள் கேட்டார்கள். ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் ஆம் என்றனர். ஓடும் வாகனத்தின் முன் பாய்ந்துவிடுவேனோ, அன்பானவரைக் காயப்படுத்திவிடுவேனோ, கையில் நோய்க்கிருமி ஒட்டியிருக்குமோ என்பன போன்ற எண்ணங்கள் நலமாக உள்ளவர்களுக்கும் வருகின்றன. எழுதப்பட்ட எண்ணங்களை மட்டும் வாசித்து, இது நோயாளருடையது, இது மற்றவருடையது என்று பிரிப்பது அனுபவசாலிகளுக்குக்கூட எளிதாக இருக்கவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே உள்ளது? நோயாளருக்கு அந்த எண்ணம் அடிக்கடி வருகிறது, நீண்ட நேரம் நிற்கிறது, அதிக வேதனை தருகிறது, ஒதுக்கிவிட முடியாமல் இருக்கிறது. நலமானவர் "என்ன பைத்தியக்கார நினைப்பு" என்று விட்டுவிட்டுப் போகிறார். நோயாளரோ அவ்வெண்ணத்தை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஏதாவது செய்கிறார். ஆகவே எண்ணம் எது என்பதைவிட, எண்ணம் வந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். சிகிச்சை முழுவதும் இந்த ஒரு விடயத்தின் மீதே கட்டப்பட்டுள்ளது.

எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தாலோ, படிப்பையும் குடும்ப வாழ்வையும் குழப்பினாலோ, வைத்தியர் இதை நோயாகக் கருதுவார். புத்தகங்களை ஒழுங்காக அடுக்குவதும் தலையங்கங்களுக்குச் சிவப்புக் கோடு போடுவதும் நோயல்ல.

3. ஓர் உதாரணம்

பின்வருவது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட உதாரணம். தரம் 11இல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் வடிந்தபின் அவள் வாப்பாவின் கடையில் சேறு கழுவ உதவி செய்தாள். வெள்ளச் சேற்றால் எலிக்காய்ச்சல் வரலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்திருந்தார். அது சரியான எச்சரிக்கை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள பற்றீரியா, தோலிலுள்ள காயங்கள் வழியாக உடலுக்குள் செல்லலாம். அன்று சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவியது தேவையான செயலே.

ஆனால் கடை காய்ந்து, கிருமிநாசினி போட்டு, வியாபாரம் ஆரம்பித்த பின்னரும் அவளுக்கு ஓர் எண்ணம் வந்துகொண்டேயிருந்தது: "என் கையிலுள்ள கிருமி கைக்குழந்தைத் தம்பிக்குப் போய் அவன் இறந்துவிடுவான்." எலிக்காய்ச்சல் சாதாரணமாக ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவும் நோயல்ல என்று அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். கேட்டால் சரியாகச் சொல்வாள். ஆயினும் கழுவாமல் இருக்க முடியவில்லை. முதலில் இரண்டு நிமிடம் கழுவினாள். பின்னர் பத்து, இருபது நிமிடங்களாயிற்று. ஒரு சவர்க்காரக் கட்டி இரண்டு நாளில் கரைந்தது. விரல் இடுக்குகள் வெடித்தன. கடையிலிருந்து வாப்பா கொண்டுவரும் கணக்குப் புத்தகத்தைத் தொடமாட்டாள். தம்பியைத் தூக்கமாட்டாள். "உம்மா, கை சுத்தந்தானே?" என்று நாளைக்கு முப்பது தடவை கேட்பாள். உம்மாவும் "சுத்தந்தான் மகள்" என்று முப்பது தடவை சொல்வார். மூன்று மணித்தியால வினாத்தாள் ஒன்றைச் செய்து முடிக்க அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இங்கு சுழற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எண்ணம் வருகிறது; பதகளிப்பு ஏறுகிறது; கழுவுகிறாள்; பதகளிப்பு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பொறி. "கழுவியதால்தான் தம்பி தப்பினான்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. கழுவாவிட்டாலும் தம்பி நலமாகவே இருந்திருப்பான் என்பதைக் கண்டறிய அவளுக்கு ஒரு சந்தர்ப்பமும் கிடைப்பதில்லை. அடுத்த தடவை எண்ணம் இன்னும் பலமாக வருகிறது. உம்மாவின் ஆறுதல் வார்த்தையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அன்பினால் சொல்லப்பட்டாலும் அது சுழற்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

4. எதிர்கொள்ளல் சிகிச்சை

கட்டாயச் செயலைச் செய்யாமல் பயத்தை எதிர்கொள்ளப் பழக்கும் முறையே எதிர்கொள்ளல் சிகிச்சை. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் வேறு எதனாலும் குணமடையாத இரண்டு நோயாளர்களிடம் இவ்வகை முறையைக் கையாண்டு முன்னேற்றம் கண்டதை வெளியிட்டார். அதன் பின்னர் இது விரிவாக ஆராயப்பட்டு, இன்று இந்நோய்க்கான பிரதான உளச்சிகிச்சையாக உள்ளது.

முதற்படி, பயப் படிக்கட்டு ஒன்றை எழுதுவது. மாணவியும் சிகிச்சையாளரும் சேர்ந்து, அவள் தவிர்க்கும் விடயங்களுக்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுக்கின்றனர். 0 என்றால் பயமே இல்லை. 100 என்றால் தாங்க முடியாத பயம். நமது மாணவியின் படிக்கட்டு இவ்வாறு அமையலாம்:

கடையிலிருந்து வந்தவர் இருந்த கதிரையில் அமர்தல் – 20
வீட்டு முன்கதவின் கைபிடியைத் தொடுதல் – 40
கடைக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுதல் – 50
கடை வாசற்படியைக் கையால் தொடுதல் – 70
கடையிலிருந்து வந்து, ஒரே ஒரு தடவை 20 செக்கன் கை கழுவிவிட்டுத் தம்பியைத் தூக்குதல் – 90

இப்படிக்கட்டில் உண்மையான ஆபத்து எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாக்கடையில் கைவைக்கச் சொல்வதில்லை. வீட்டில் மற்றவர்கள் யோசிக்காமல் தினமும் செய்வதையே அவளும் செய்யப் பழகுகிறாள்.

இரண்டாவது படி, கழுவும் விதியை நிர்ணயிப்பது. சாப்பாட்டுக்கு முன்னும் மலசலகூடம் சென்ற பின்னும் 20 செக்கன். அதற்கு மேல் இல்லை. உம்மாவுக்கும் ஒரு விதி உண்டு. "சுத்தந்தானே?" என்று கேட்டால், "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று பேசியிருக்கிறோம் மகள், இந்தப் பயம் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஏசவும் கூடாது, உறுதி கூறவும் கூடாது.

மூன்றாவது படி, எதிர்கொள்ளல். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி மேலே செல்வார்கள். கதவுக் கைபிடியின் நாளைப் பார்ப்போம். பிற்பகல் 4.00 மணிக்குக் கைபிடியைப் பிடிக்கிறாள். பயம் 40. கழுவாமல் அந்தக் கைகளாலேயே கொப்பியையும் பேனையையும் எடுக்கிறாள். 4.10க்குப் பயம் 55 ஆக ஏறுகிறது. குழாயடிக்கு ஓடவேண்டும் போலிருக்கிறது. ஓடவில்லை. 4.30க்கு 40, 4.50க்கு 25. மறுநாள் அதே கைபிடி 30இல் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் அது வெறும் கைபிடியாகிவிடுகிறது. பிறகு அடுத்த படி.

எல்லா நாளும் இவ்வளவு ஒழுங்காக அமையாது. சில நாள் ஒரு மணித்தியாலம் கழிந்தும் எண் இறங்காது. அதைத் தோல்வி என்று எண்ணக்கூடாது. அவள் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு: பயந்தது நடக்கவில்லை என்பது ஒன்று, பயத்தோடு இருந்தாலும் படிக்கலாம், தாங்கலாம் என்பது மற்றையது. கழுவாமல் இருந்துவிட்டால் அவள் இரண்டையும் கற்றுவிட்டாள்.

பயிற்சி பயனளிக்காமல் போவது பெரும்பாலும் மறைவான கட்டாயச் செயலால்தான். கை கழுவாமல் சட்டையில் துடைத்துக்கொள்வது, "ஒன்றும் நடக்காது" என்று மனதுக்குள் நூறு தடவை சொல்வது, "இரவு எப்படியும் குளிக்கத்தானே போகிறேன்" என்று தேற்றிக்கொள்வது ஆகியன அவ்வாறானவை. வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் ஒரே படியில் பயம் அசையாமல் நிற்கிறது என்றால், சிகிச்சையாளர் முதலில் இதைத்தான் தேடுவார். ஏறத்தாழ 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படலாம். அமர்வுகளுக்கு இடையில் வீட்டில் தினமும் செய்யும் பயிற்சியே பெரும்பகுதி வேலை.

5. வணக்கமும் வஸ்வாஸும்

நமது ஊரில் இந்நோய் வுழூவிலும் தொழுகையிலும் வெளிப்படுவதுண்டு. முகம் முழுமையாக நனைந்ததா, எத்தனை றக்அத் தொழுதேன் என்ற சந்தேகத்தால் சிலர் மீண்டும் மீண்டும் தொடங்குவர். "வஸ்வாஸ்" என்று பெரியவர்கள் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். எல்லா வஸ்வாஸும் நோயல்ல. ஆனால் ஒரு மணித்தியாலம் குழாயடியில் நிற்பவருக்கு வைத்திய உதவி தேவை. அது ஈமானின் குறைபாடல்ல. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், உடல் நலத்தோடு உள நலத்தையும் பற்றி எழுதிய நூலில், வலிந்தெழும் எண்ணங்களைக் கோபம், கவலை, பயம் ஆகியவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டியுள்ளார்.

சிகிச்சையும் மார்க்கமும் இங்கு முரண்படுவதில்லை. உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை; ஓயாத சந்தேகம் உள்ளவர் அச்சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் தொடர வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் வழிகாட்டல். "ஒரு தடவை வுழூச் செய், சந்தேகம் வரட்டும், திரும்பச் செய்யாதே" என்று சிகிச்சையாளர் சொல்வதும் அதுவே. ஆலயத்தில் ஒரே மந்திரத்தைப் பிழையென்று எண்ணித் திரும்பத் திரும்பச் சொல்பவருக்கும் இம்முறையே பொருந்தும்.

6. மருந்துகள் எவ்வாறு உதவுகின்றன?

மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் பதார்த்தங்களில் ஒன்று செரட்டோனின். இந்நோய்க்குத் தரப்படும் பிரதான மருந்துகள் அதன் மீது தொழிற்படுகின்றன. 1960களில் குளோமிப்பிரமின் என்ற மருந்து இந்நோயாளருக்குப் பயன்படுவது அவதானிக்கப்பட்டது. இன்று பக்க விளைவுகள் குறைந்த புளூஒக்சற்றின், செர்ட்ரலின், புளூவொக்சமின் போன்றவை முதலில் தரப்படுகின்றன.

மருந்து எண்ணத்தை அழிப்பதில்லை. அதன் சத்தத்தைக் குறைக்கிறது. 90ஆக இருந்த பயம் 60ஆனால், ஏற முடியாதிருந்த படியில் கால்வைக்க முடிகிறது. படியில் ஏறும் வேலை இன்னும் நம்முடையதே.

மருந்தில் அதிகம் பேர் தவறுவது காலக்கணக்கிலாகும். தலைவலிக் குளிசை போல இது அரை மணியில் வேலை செய்யாது. பயன் முழுமையாகத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் செல்லலாம். ஆனால் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் ஆகிய பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வரலாம். எனவே "பயன் இல்லை, தொல்லை மட்டும்" என்று இரண்டாவது வாரத்தில் பலர் நிறுத்திவிடுகின்றனர். குணம் கண்டபின் திடீரென நிறுத்துவதும் தவறு. இம்மருந்துகளுக்கு எவரும் அடிமையாவதில்லை. எனினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம்; நோயும் திரும்பலாம். ஆகவே வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். இளவயதினரில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் அமைதியின்மை கூடலாம். தற்கொலை எண்ணம்கூட எழலாம். அவ்வாறு ஏற்பட்டால் அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எது சிறந்தது? 2004இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பேரிடம் நடத்தப்பட்ட 12 வார ஆய்வு இதற்கு விடை தருகிறது. எதிர்கொள்ளலை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சையும் செர்ட்ரலினும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு நோய் அறிகுறிகள் ஏறத்தாழ நீங்கின. உளச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு நான்கு பேரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு இரண்டு பேரும் அந்நிலையை அடைந்தனர். போலிக் குளிசை பெற்றவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே. ஆகவே சிகிச்சை நன்கு பயனளிக்கிறது; ஆனால் எல்லோருக்கும் முழுமையாக அல்ல. சிலருக்கு மருந்தை மாற்றவோ சிகிச்சையை நீடிக்கவோ நேரிடும்.

7. எங்கே செல்வது?

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் முதலில் பேசிப் பார்க்கலாம். வைத்தியரிடம் மூன்று விடயங்களைச் சொன்னால் போதும்: என்ன எண்ணம் வருகிறது, அதற்காக என்ன செய்கிறேன், நாளைக்கு எவ்வளவு நேரம் போகிறது. எண்ணம் கொடியதாகவோ வெட்கப்படத்தக்கதாகவோ இருந்தாலும் தயங்க வேண்டாம். தம்பியைக் காயப்படுத்திவிடுவேனோ என்ற எண்ணத்தால் ஒருவர் நடுங்குகிறார் என்றால், அது அவருடைய ஆசை அல்ல. ஆசையாக இருந்தால் நடுங்கமாட்டார்.

பயிற்சி வினாக்களும் விடைகளும்

1. ஒருவர் இரவில் கதவுப் பூட்டை ஒரு தடவை சரிபார்க்கிறார். மற்றொருவர் நாற்பது தடவை சரிபார்த்து நள்ளிரவு தாண்டியே படுக்கிறார். வேறுபாட்டை விளக்குக.
விடை: இருவருக்கும் வந்த எண்ணம் ஒன்றே. முதலாமவருக்குச் சரிபார்த்ததும் அது முடிந்துவிடுகிறது. இரண்டாமவருக்குச் சரிபார்ப்பது தற்காலிக ஆறுதலைத் தந்து, சந்தேகத்தை மீண்டும் வளர்க்கிறது. நேரமும் தூக்கமும் பறிபோகின்றன. எனவே அவருடையது கட்டாயச் செயலாகும்.

2. நோயாளர் கேட்கும்போதெல்லாம் "சுத்தந்தான்" என்று உறுதி கூறுவது ஏன் உதவாது?
விடை: அது கை கழுவுவதைப் போலவே பதகளிப்பைச் சிறிது நேரம் தணிக்கிறது. அதனால் சந்தேகத்தோடு இருக்கப் பழகும் சந்தர்ப்பம் கிடைக்காமல் போகிறது.

3. மருந்து தொடங்கி மூன்று வாரமாகியும் குணம் தெரியாத ஒருவர் மருந்தை நிறுத்த நினைக்கிறார். நீர் கூறும் ஆலோசனை யாது?
விடை: பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் செல்லலாம். தாமாக நிறுத்தாமல், பக்க விளைவுகளை வைத்தியரிடம் கூறி அவரது அறிவுரைப்படி நடக்க வேண்டும்.